நிறுக்க ஒன்றுமில்லாத தோட்டம்
ஒரு வரலாற்றுப் பத்தியும் ஒரு விவரமும்

கீழே வருவது நான் திருத்தித் தரும்படி கைக்கு வந்த ஒரு பத்தி. பந்தலூர், சேரங்கோடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றைச் சில இளைஞர்கள் சிறு நூலாகத் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டாம் அத்தியாயம் இப்படித் தொடங்கியது:

'இயற்கை எழில் கொஞ்சும் நீலகிரி மாவட்டத்தில் தாயகம் திரும்பிய தமிழர்கள் பெருமளவில் குடியமர்த்தப்பட்டனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த இம்மக்களுக்குத் தேயிலைத் தொழிலில் இருந்த நீண்ட அனுபவத்தைக் கருத்தில்கொண்டு அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைவாய்ப்பு வழங்கப்பட்டது. பல்வேறு இன்னல்களுக்கு இடையிலும் கடின உழைப்பால் அவர்கள் இம்மண்ணை வளப்படுத்தினர்.'

இதில் பிழை என்று எதையும் சொல்லிவிட முடியாது. ஆண்டு சரி, ஒப்பந்தம் சரி, இன்னல்களும் உண்மைதான். ஆனால் 'நீலகிரி' என்பதை எடுத்துவிட்டு வால்பாறை என்று போட்டுப் பாருங்கள், பத்தி அப்படியே நிற்கும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டம் என்று போட்டாலும் நிற்கும், 'தேயிலை' என்ற சொல்லை மட்டும் மாற்றினால் போதும். பெயரை மாற்றியும் ஆடாமல் நிற்கிற பத்தி அந்த இடத்தைப் பற்றியதல்ல என்பது என் கட்சி. 'குடியமர்த்தப்பட்டனர்', 'வழங்கப்பட்டது' என்கிற செயப்பாட்டுவினைகளைப் பாருங்கள். குடியமர்த்தியது யார், வழங்கியது யார், எங்கே, எந்தக் காட்டில்? இது கோப்புகளின் தமிழ். கோப்புக்கு எதிராக எழுதப் புறப்பட்டவர்களும் கோப்பின் வாக்கியத்தையே எழுதிவிடுகிறார்கள். அது நம் இயக்கப் பிரசுரங்களில் எவ்வளவு தூரம் ஊறிப்போயிருக்கிறது என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இந்தப் பத்திக்குள் ஒரு ஸ்தூலமான விவரத்தையும், எழுதுகிறவர் தானே பார்த்த ஒரு சின்ன விஷயத்தையும் கொண்டுவர வேண்டும் என்று சொன்னேன். அதைச் சொன்ன உடனே வந்துசேர்ந்தது மூடுபனி. அடுத்த வடிவத்தில் பனி படர்ந்த மலை, கம்பளி போர்த்திய கிழவி, அவள் கண்ணில் ஒரு துளி நீர் எல்லாம் ஏறியிருந்தது. நீலகிரியில் பனி இருக்கிறது, கிழவிகளும் இருக்கிறார்கள், அழுகையும் இருக்கிறது. ஆனால் இவை நுவரெலியாவிலும் இருக்கும், டார்ஜிலிங்கிலும் இருக்கும். விவரம் என்கிற பெயரில் வந்தது இன்னொரு பொதுமைதான்.

ரோலண்ட் பார்த் 1968-ல் இதுபற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஃப்ளாபேரின் கதை ஒன்றில் ஒரு வீட்டுக் கூடம் வருகிறது. பழைய பியானோமேல் பெட்டிகள் குவிந்திருக்கின்றன, அதற்கு மேலே ஒரு காற்றழுத்தமானி. இந்தக் காற்றழுத்தமானி கதையில் எந்த வேலையும் செய்வதில்லை. பிறகு எதற்கு இருக்கிறது? 'நான்தான் யதார்த்தம்' என்று சொல்வதற்காகவே இருக்கிறது என்றார் பார்த். அந்தக் கட்டுரை வரலாற்று எழுத்தையும் விட்டுவைக்கவில்லை, மிஷ்லேயின் பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றையும் சேர்த்தே பேசுகிறது. மூடுபனியும் கம்பளியும் நமது காற்றழுத்தமானிகள். நடந்ததைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. 'எழுதியவர் அங்கே போயிருக்கிறார்' என்று மட்டும் சொல்கின்றன, போகாமலே எழுதினாலும்கூட.

ஸ்தூலமான விவரம் இருந்தாலே எழுத்து மக்கள் பக்கம் வந்துவிடும் என்றும் நினைத்துவிட வேண்டாம். வைஸ்ராய் லிட்டன் 1877-ல் ஊட்டியிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. இங்கிலாந்தின் மாவட்டங்களை ஊட்டியின் சந்துகளிலும் ஏரியிலும் ஓடையிலும் கண்டு மகிழ்கிறார். இங்கே பெய்கிற மழையும் இங்கிலாந்து மழை, காலில் ஒட்டுகிற சேறும் இங்கிலாந்துச் சேறு என்கிறார். சேறுவரைக்கும் இறங்கிவந்த விவரம், சொந்தக் கண்ணால் கண்டது, உயிருள்ள எழுத்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வருஷம் 1877. மலைக்குக் கீழே சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. அந்தப் பஞ்சத்தின் நிமித்தமாகத்தான் அவர் தெற்கே வந்ததே. ஒரு நல்ல விவரம் எதைக் காட்டுகிறதோ அந்த அளவுக்கு இன்னொன்றை மறைக்கவும் செய்யும். இதைக் கடைசியில் மறுபடி பேச வேண்டியிருக்கிறது.

சரி, பத்திக்கு வருவோம். அது எதைச் சுருக்கி எழுதியது என்று தெரிந்தால்தான் எந்த விவரம் வேண்டும் என்று தெரியும். 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974-ல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. வந்தவர்களில் ஒரு பகுதிக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு 1968-ல் வனத்துறையின் கீழ் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுதான் 1976-ல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், டேன்டீ, ஆனது.

இப்போது பத்தியின் நடு வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். 'தேயிலைத் தொழிலில் இருந்த நீண்ட அனுபவத்தைக் கருத்தில்கொண்டு.' இங்கேதான் இடிக்கிறது. 1968-ல் திட்டம் தொடங்கியபோது அந்த மலைகளில் தேயிலை கிடையாது, காடுதான் இருந்தது. வெட்டி, சுட்டு, கான் வெட்டி, குழி வெட்டி, பாலிதீன் பையில் வளர்த்த நாற்றைக் கொண்டுவந்து நட வேண்டும். நாற்று மேடையிலேயே ஒரு வருஷம் ஓடிவிடும். நட்ட பிறகு நடுத்தண்டை வெட்டிப் பக்கக் கிளை விடவைத்து, செடியை இடுப்பு மட்டத்துக்குத் தட்டையாகப் பரவவிட்டு, மட்டம் பிடிக்க வேண்டும். ஒழுங்காகக் கொழுந்து எடுக்க நட்டதிலிருந்து மூன்று வருஷமாவது ஆகும். அப்படியானால் 1970-லும் 71-லும் வந்து இறங்கியவர்கள் என்ன அனுபவத்தைக்கொண்டு என்ன வேலை செய்தார்கள்?

இந்தக் கேள்வியோடுதான் போகச் சொன்னேன், நானும் கூடப் போனேன். விவரம் தேடிப்போகிறபோது 'உங்க வாழ்க்கையைச் சொல்லுங்கம்மா' என்று கேட்டால் அவர்களும் பொதுவாகத்தான் சொல்வார்கள். 'ரொம்பக் கஷ்டப்பட்டோம் தம்பி' என்று வரும். அது நம் பத்தியின் 'பல்வேறு இன்னல்'தான், வாய்மொழியில். வேலையைக் கேட்க வேண்டும். காலையில் எத்தனை மணிக்குப் பெரட்டு, கையில் என்ன சாமான், யார் பேர் எழுதினார்கள், சாயந்திரம் என்ன நடக்கும் என்று.

எழுபது தாண்டிய ஒரு அம்மா. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், பன்னிரண்டு வயதிலிருந்து கொழுந்தெடுத்தவர். 1971-ல் புருஷனோடும் மாமியாரோடும் கப்பலேறியிருக்கிறார். இங்கே முதல் நாள் என்ன வேலை என்று கேட்டதற்கு, 'குழி வெட்டு' என்றார். கூலி எப்படி என்று கேட்டோம். அதற்கு அவர் சொன்னது:

'பேரு விழுந்துடும். ஆனா நிறுக்க ஒண்ணுமில்ல.'

இந்த ஐந்து சொல்லை விளக்காமல் அப்படியே போட்டால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. தோட்டத்துத் தமிழில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. செக்ரோலில் பெயர் எழுதப்பட்டால் அது ஒரு பேர். கொழுந்துக்கு நிர்ணயித்த எடை சேராவிட்டால் 'அரைப்பேர்' போடுவார்கள், அதாவது நாள் முழுக்க நின்று பாதிக் கூலி. எடை கூடினால் கூடிய கிலோவுக்குத் தனிக்காசு. ஆக, அங்கே ஒரு பெண்ணுடைய நாளைத் தீர்மானிப்பது தராசு. தராசில் திருட்டு உண்டு, மழைத் தண்ணிக்கும் கூடைக்கும் என்று கழிப்பது உண்டு, அதைப்பற்றிச் சண்டை உண்டு. அந்த மடுவத்துத் தராசின் கொடுமையைப் பற்றி மலையக எழுத்தில் நிறையவே வந்திருக்கிறது.

ஆனால் இந்த அம்மா சொன்னது வேறு. தராசு இல்லாமல் போனதைச் சொல்கிறார். வேகமாகக் கொழுந்தெடுப்பவர் அவர், அரைப்பேர் வாங்கினதே இல்லையாம், கூடுதல் கிலோவில்தான் கை நிறையும். பத்துப் பன்னிரண்டு வருஷம் விரலில் ஏறிய அந்த வேகத்துக்கு இங்கே மூன்று நான்கு வருஷம் வேலையே இல்லை. மண்வெட்டி வேலையில் எல்லோருக்கும் ஒரே பேர். அதுவும் குழி வெட்டும் கான் வெட்டும் அங்கே ஆம்பளை வேலை. தொழில் தெரிந்தவர் என்று கொண்டுவரப்பட்ட பெண் வந்து இறங்கிய அன்றே தொழில் தெரியாதவர் ஆகிவிட்டார். 'அனுபவத்தைக் கருத்தில்கொண்டு' என்கிற கோப்பு வாக்கியத்தை இந்த ஒரு விவரம் உள்ளேயிருந்து உடைக்கிறது. இது காற்றழுத்தமானி அல்ல. எடுத்துவிட்டால் பத்தியின் வாதமே விழுந்துவிடும்.

அன்றைக்குக் கிடைத்தது இது ஒன்றுதானா என்றால் இல்லை. கொண்டுவந்த பித்தளைக் குடம், கப்பலில் வாந்தி, மண்டபம் முகாமில் பருப்பே இல்லாத சாம்பார், முதல் குளிர்காலத்தில் இறந்த கைக்குழந்தை. குழந்தையின் சாவைப் போட வேண்டும் என்று தொகுத்தவர்களில் ஒருவர் பிடிவாதமாக இருந்தார். போடலாம், ஆனால் வேறு பத்தியில், குளிரையும் ஆஸ்பத்திரி இருந்த தூரத்தையும் பேசுகிற இடத்தில். வேலையைப் பற்றிய பத்தியில் சாவை வைத்தால் வாசகர் அழுதுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார், வேலையை மறந்துவிடுவார்.

மண்டபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த முகாம் இவர்களுக்காகக் கட்டப்பட்டதல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்க்குச் சோதித்து நிறுத்திவைத்து அனுப்ப இலங்கை அரசு நடத்திய முகாம் அது. பாட்டனைப் பரிசோதித்து அனுப்பிய இடத்திலேயே பேரனைப் பதிவு செய்து வாங்கினார்கள். நானே ஆசைப்பட்ட விவரம். ஆனால் அது மண்டபத்துக்குச் சொந்தமான விவரம், சேரங்கோட்டுக்கு அல்ல. விட்டுவிட்டோம்.

கிடைத்த விவரத்தைச் சோதிக்கவும் வேண்டும். நினைவு பொய் சொல்வதில்லை, ஆனால் இடம் மாற்றி வைக்கும். அவரது குடும்ப அட்டையில் 1971 என்று இருந்தது, நல்லது. டேன்டீயில் சேர்ந்தீர்களா என்று கேட்டபோது 'அப்ப ஏது டேன்டீ, கவர்மெண்டுத் தோட்டம்னுதான் பேரு' என்றார். 1976-க்கு முந்தைய நிலைமைக்கு அது பொருந்துகிறது. இந்த மாதிரித் தற்செயலான பொருத்தம், நேராகக் கேட்டு வாங்குகிற ஆண்டைவிட நம்பகமானது. முதல் மழை எப்போது என்றால் ஆனி, ஆடி என்றார். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் கொட்டும், சரியாக இருக்கிறது. இதையே கோத்தகிரிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தால் நின்று யோசித்திருப்பேன். அங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்.

சோதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இதே கையெழுத்துப் பிரதியில் உதாரணம் இருந்தது. ஒரு இடத்தில் 1970-ல் வந்த குடும்பம் தனுஷ்கோடியில் இறங்குகிறது. இறங்க முடியாது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள், 1964 டிசம்பர் 22-23 இரவில், தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோய்விட்டது. பிறகு தலைமன்னார்க் கப்பல் வந்தது ராமேஸ்வரத்துக்கு. இன்னொரு இடத்தில் 1972-ல் வந்தவர்களை நீலக்குறிஞ்சி பூத்து வரவேற்கிறது. குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. 2018, 2006, 1994, 1982 என்று பின்னோக்கி எண்ணினால் 1970 வருகிறது, 72 அல்ல. குறிஞ்சியில் பல வகை உண்டு, ஏதாவது ஒரு சரிவில் ஏதாவது ஒன்று பூத்திருக்கலாம் என்று வாதிடலாம்தான். ஆனால் அதை எழுதியவர் எந்தச் சரிவையும் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு தகவலைத் தப்பாகப் போட்டால் திருத்திக்கொள்ளலாம். அலங்காரத்துக்காக ஒட்டிய விவரம் பொய்யென்று தெரிந்தால் பக்கத்திலிருக்கிற நிஜமான சாட்சியமும் சேர்ந்து செத்துப்போகும். கிழவியின் தராசையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி, எழுதுகிறவர் தானே கவனித்தது. இதில் நம் சிறுபத்திரிகை ஆட்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. 'நான்' வந்த உடனே அந்த 'நான்' கலங்கும், நெகிழும், குற்றவுணர்வு கொள்ளும். பத்தியின் பாதியை அதுவே சாப்பிட்டுவிடும். கவனித்தது ஒரு வாக்கியம் போதும், அதுவும் இன்னொருவர் போனால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். எனக்குப் பட்டது இதுதான். அந்த அம்மா தான் இருந்த லயத்து அறையைக் 'காம்பரா' என்றார். இங்கேயே பிறந்த பேத்தி அதே அறையை 'ரூம்' என்றாள். நடுவில் இருந்த மகன், இலங்கையையே பார்க்காதவர், எங்களிடம் 'ரூம்' என்றும் அம்மாவிடம் 'காம்பரா' என்றும் மாற்றி மாற்றிச் சொன்னார், அவருக்கே தெரியாமல். 'தாயகம் திரும்பியோர்' என்கிற அரசாங்கச் சொல்லைப் பற்றி ஒரு பக்கம் கோட்பாடு எழுதலாம். பிறந்த மண்ணைவிட்டு வந்தவர் 'திரும்பியவர்' எப்படி ஆவார் என்று கேட்கலாம். அந்தக் கேள்வி இந்த இரண்டு சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

கடைசியில் பத்தி இப்படி ஆனது:

'1971-ல் தலவாக்கலையிலிருந்து வந்த குடும்பங்களைச் சேரங்கோட்டு மலையில் கொண்டுவந்து விட்டபோது அங்கே தேயிலை இல்லை. வனத்துறை காட்டை வெட்டிக்கொண்டிருந்தது. கொழுந்தெடுக்கத் தெரிந்த பெண்களுக்கு மண்வெட்டி கொடுக்கப்பட்டது. செடி கொழுந்துக்கு வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. "பேரு விழுந்துடும். ஆனா நிறுக்க ஒண்ணுமில்ல" என்கிறார் அன்று குழி வெட்டிய ஒரு பெண். எடை கூடினால் கிடைக்கிற காசு அந்த வருஷங்களில் யாருக்கும் இல்லை. அவர் இன்றும் தன் அறையைக் காம்பரா என்கிறார், பேத்தி ரூம் என்கிறாள்.'

இதில் ஒரு 'கொடுக்கப்பட்டது' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொடுத்த ஆள் யாரென்று அந்த அம்மாவுக்கு நினைவில்லை, அதனால் விட்டோம். 'இயற்கை எழில்' போயிற்று, 'கடின உழைப்பு' போயிற்று. அந்தச் சொற்கள் இல்லாமலே உழைப்பு தெரிகிறது. பெயர் மாற்றிப் பார்க்கிற சோதனையைச் செய்தால் இது வால்பாறைக்குப் பொருந்தாது. அங்கே வெள்ளைக்காரன் காலத்திலேயே காடு அழிந்து தேயிலை வந்துவிட்டது, அங்கத்திய கதை வேறு.

தொகுத்தவர்களில் பந்தலூர்க்காரர் ஒருவர் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'வனத்துறை காட்டை வெட்டிக்கொண்டிருந்ததுன்னு போட்டிருக்கீங்களே, அந்தக் காட்டுக்குள்ள யாரு இருந்தாங்க?'

லிட்டனின் சேறு இங்கே திரும்பி வருகிறது. கூடலூர், பந்தலூர்க் காடுகளில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் இருந்தார்கள், இருக்கிறார்கள். மண்வெட்டி பிடித்த பெண்ணின் துயரத்தை நெருங்கிப் பார்க்கிற விவரம், வெட்டப்பட்ட மரத்துக்குப் பின்னால் நின்றவரைப் பத்திக்கு வெளியே தள்ளிவிடுகிறது. இரண்டு ஏழைகளை ஒரே மலையில் எதிரெதிராக நிறுத்தியது அரசின் திட்டம். ஒருவர் பக்கத்திலிருந்து மட்டும் எழுதினால் அந்த நிறுத்தலை நாமும் தொடர்கிறோம் என்றார் அந்த நண்பர். 2022-ல் அரசு டேன்டீ நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேல் மறுபடி வனத்துறைக்கே கொடுக்க முடிவெடுத்தபோது இந்தக் கேள்வி இன்னொரு விதமாகக் கிளம்பியது. தோட்டக்காரர்களின் வேலையும் வீடும் என்னாகும் என்ற பேச்சு பத்திரிகைகளில் வந்தது, வரத்தான் வேண்டும். பணியர் அந்தப் பேச்சில் அநேகமாக இல்லை.

இதற்காக ஒரு பணியர் விவரத்தை எங்கிருந்தாவது எடுத்து அதே பத்தியில் சமத்துவத்துக்காகச் செருக முடியாது. அது இன்னொரு காற்றழுத்தமானி ஆகிவிடும். அந்த அம்மாவிடமே மறுபடி போய், குழி வெட்டின நாட்களில் காட்டுக்குள்ளிருந்து யாராவது வந்ததுண்டா என்று கேட்டோம். 'வருவாங்க, தூரமா நின்னு பாப்பாங்க. நாங்க பேசுறது அவங்களுக்கு வெளங்காது, அவங்க பேசுறது எங்களுக்கு வெளங்காது. கொஞ்ச நாள்ல அவங்களும் கூலிக்கு வந்தாங்க. அவங்க பேரைத் தனியாத்தான் எழுதுவாங்க' என்றார்.

தனியாக என்றால் எப்படி என்று கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வருஷத்துச் செக்ரோல் எதுவும் இதுவரை எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. அவர் சொன்னதை அடுத்த பத்தியின் முதல் வாக்கியமாக வைத்திருக்கிறோம். பணியர் குடியிருப்பில் கேட்டு எழுத வேண்டியதற்காக அதன் கீழே அரைப்பக்கம் வெற்றாக விட்டிருக்கிறது.